அறுபதாயிரத்தைக் கேட்டு ஒரு மெசேஜ்

2024 வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தேன். நான் உட்கார்ந்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் சேரின் முதுகில் வெள்ளை பெயின்டில் என் நண்பனின் கடைப் பெயர் எழுதியிருந்தது. இது என் காசில் வாங்கிய சேரா, அதற்கு முன்பே கடையில் கிடந்ததா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கைப்பிடியில் கீறல் இல்லை, புதுசு மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், "சேர் உடைஞ்சிருக்கா தம்பி?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டேன். பரிமாறுகிற இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

அவன் பெயர் இங்கே வேண்டாம். ஏழாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுகிறோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மதுரையில் சேர், சாமியானா, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறான். நான் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2022 செப்டம்பர் கடைசி வாரம் என்னைப் பார்க்க வந்தான். ஐப்பசி முகூர்த்தத்துக்கு முன்னால் நூற்றைம்பது சேர் புதிதாக இறக்க வேண்டும், கையில் இருந்தது போக அறுபதாயிரம் குறைகிறது என்றான். எனக்கு அப்போதுதான் சீட்டுக் காசு வந்திருந்தது. அங்கேயே ஜிபேயில் போட்டுவிட்டேன். "தை முடியட்டும் மாப்ள, குடுத்துடுறேன்" என்றான். எந்த வருஷத்துத் தை என்று நான் கேட்கவில்லை.

அடுத்த தை வந்தது, போனது. 2023 மார்ச்சில் முதல் மெசேஜ் அனுப்பினேன். அது இன்னும் என் போனில் இருக்கிறது. எழுத்து மாறாமல் இதுதான்:

"மாப்ள எப்படி இருக்க, கடை எப்படிப் போகுது? ஒன்னுமில்ல, எனக்குக் கொஞ்சம் டைட்டா இருக்கு. அந்த அமௌண்ட் ஏதாவது முடியுமான்னு பாரு. அவசரம் இல்ல, மெதுவா குடு. தப்பா நினைச்சுக்காத."

"சரி மாப்ள பாக்குறேன்" என்று பதில் வந்தது. அதோடு சரி. அவன் என்னை ஏமாற்றுகிறான் என்று ஒன்றரை வருஷம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் அந்த மெசேஜை யாரோ எழுதியது போல நினைத்துப் படித்துப் பார்த்தேன். நான் சொன்னதைத்தான் அவன் அப்படியே செய்திருக்கிறான். "ஒன்னுமில்ல" என்று நானே ஆரம்பித்திருக்கிறேன். "அந்த அமௌண்ட்" என்றேனே தவிர எவ்வளவு என்று சொல்லவில்லை. "ஏதாவது முடியுமா" என்று கேட்டால் முடியாது என்று இருந்துவிடலாம். "மெதுவா குடு" என்றேன், மெதுவாகவே இருக்கிறான். நாலு பேரிடம் பாக்கி வைத்திருக்கும் மனுஷன், யார் அவசரம் இல்லை என்று சொல்கிறானோ அவனைத்தான் வரிசையில் கடைசியில் நிறுத்துவான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

கடன் கேட்டு வருகிறவன் தொகையைத் தெளிவாகச் சொல்லித்தான் கேட்கிறான். திருப்பிக் கேட்கும்போது நமக்குத்தான் அந்த எண் வாயில் வருவதில்லை. அறுபதாயிரம் என்று எழுதினால் கந்துவட்டிக்காரன் மாதிரி தெரிவோமோ என்று ஒரு கூச்சம்.

அந்தக் கூச்சத்தில்தான் அடுத்து அதைவிடப் பெரிய தப்பைச் செய்தேன். அப்போதெல்லாம் ஜிபேயில் ஆளுக்கு ஆள் பணம் கேட்டு 'ரெக்வஸ்ட்' அனுப்பலாம். ஒரு தடவைக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. (2025 அக்டோபர் முதல் தேதியோடு அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். மோசடிக்காரர்களுக்கு அது தோதாகப் போய்விட்டதாம்.) 2023 ஆடியில் ஒரு மத்தியானம், வாயைத் திறந்து கேட்கத்தானே கஷ்டம், இப்படி ஒரு தட்டு தட்டி ஞாபகப்படுத்துவோம் என்று இரண்டாயிரத்துக்கு ஒரு ரெக்வஸ்ட் போட்டேன். அவன் அதைத் தொடவே இல்லை. அதுவாகக் காலாவதியாகிப் போனது. அதற்கப்புறம் அவன் போன் செய்வது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு வருவதும் நின்றது. அந்த இரண்டாயிரம் அவனை என்ன செய்தது என்பது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இடையில் எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு நண்பனிடம் புலம்பினேன். "நான் வேணா பக்குவமா கேட்டுப் பாக்கவா?" என்றான். நல்லவேளை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் அவன் மேலும் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தான். மாப்ள வாட்ஸப் ஸ்டேட்டஸில் மஞ்சள், குங்குமம் வைத்துப் புது லோடு வண்டிக்குப் பூஜை போட்ட படம் வந்தபோது, "பாத்தியா, உன் காசு" என்று எனக்கு அனுப்பியதும் அதே ஆள்தான்.

என் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். "கேட்டா அவரு கோவிச்சுக்குவாருன்னு கேக்காம இருக்கீங்க. கேக்காமலே நீங்க இப்ப கோவமாத்தானே இருக்கீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. பந்தியில் இருந்து எழுந்து வந்தது அந்த வாரம்தான்.

கேட்டே ஆக வேண்டிய நிலைமை ஆவணியில் வந்தது. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து, நவம்பர் 24, கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை என்று தேதி குறித்துவிட்டார்கள். தாய்மாமன் நான். தோடு, பட்டுப்பாவாடை, சீர்த்தட்டு, கறிவிருந்தில் என் பங்கு, எல்லாம் சேர்த்து எழுபதாயிரத்துக்குக் குறையாது. இந்தத் தடவை ஒழுங்காக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கணக்கு. ஜிபேயில் அவன் பெயரைத் தட்டினால் எங்களுக்குள் நடந்த எல்லாமே தேதியோடு வரிசையாக வருகிறது. 2022 செப்டம்பரில் 60,000. நடுவில் அவன் எனக்கு 1,200 போட்டிருக்கிறான், அது நாங்கள் நாலு பேர் சேர்ந்து பிறந்தநாள் கேக் வாங்கிய கணக்கு, அன்றே முடிந்தது. திருப்பிக் கொடுத்தது என்று எதுவும் இல்லை. இதைப் பார்க்காமல் மெசேஜ் எழுதியிருந்தால் ஒருவேளை அவன் "நான் நடுவுல கொஞ்சம் போட்டேனே" என்று சொல்லும்போது எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

ஆனால் ஜிபேயில் ஏறாத கணக்கு ஒன்று இருந்தது. 2024 மாசியில் அப்பா இறந்தபோது, தகவல் சொன்ன முக்கால் மணி நேரத்தில் வாசலில் சாமியானா ஏறிவிட்டது. நூறு சேர். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் சேர், பாத்திரம், தண்ணீர் டிரம் எல்லாம் எங்கள் தெருவில்தான் கிடந்தன. நான் வாடகை கேட்டபோது "போடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். என் கணக்குக்கு அது பதினைந்தாயிரமாவது இருக்கும். அவன் மனசில் அது கடனில் கழிந்துவிட்டதா? அப்பாவுக்குச் செய்த மரியாதையா? இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. நீண்ட நாள் கடன்களில் இப்படி ஒரு எழுதாத வரவு எங்காவது கிடக்கும். கொடுத்தவன் கணக்கில் அது இருக்காது, வாங்கியவன் கணக்கில் இருக்கும். பாதிச் சண்டை அங்கேதான் வருகிறது.

அடுத்தது நேரம். மாதச் சம்பளக்காரன் என்றால் ஒன்றிலிருந்து ஐந்தாம் தேதிக்குள் கேட்கலாம். அவன் சம்பளக்காரன் இல்லை. கல்யாணம் நடந்தால் காசு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, புரட்டாசியில் கிடையாது, மார்கழியில் கிடையாது. அந்த மூன்று மாதமும் சேர் குடோனில் அடுக்கிக் கிடக்கும், பையன்களுக்குச் சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். நான் ரெக்வஸ்ட் அனுப்பியது ஆடியில். ஒரு சாமியானாக் கடைக்காரனிடம் ஆடியில் காசு கேட்டிருக்கிறேன், கணக்குப் பிரிவில் இருபது வருஷம் இருக்கிறவன்.

முகூர்த்த மாதத்திலும் ஆரம்பத்தில் கேட்டுப் பயனில்லை. புக்கிங்குக்கு ஒரு சின்ன அட்வான்ஸ்தான் வரும். விசேஷம் முடிந்து, பாத்திரத்தை எண்ணி எடுத்து, குறைந்த கரண்டிக்கும் உடைந்த சேருக்கும் பேரம் பேசி, அதற்குப் பிறகுதான் மீதி கைக்கு வரும். ஆகவே ஆவணி கடைசி வாரம்தான் சரி. பிள்ளையார் சதுர்த்தி செப்டம்பர் 7 சனிக்கிழமை வந்தது. அந்தப் பந்தல் வேலையும் முடியட்டும் என்று விட்டேன். புரட்டாசி பிறப்பது 17-ந் தேதி. நடுவில் உள்ள நாட்களில் செவ்வாயும் வெள்ளியும் ஆகாது. எங்கள் பக்கம் அந்த இரண்டு நாளும் வீட்டிலிருந்து காசை வெளியே எடுக்க மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகும் எடுக்க மாட்டார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த நேரத்தில் காசைப் பற்றிய மெசேஜ் வந்தாலே அவன் அம்மா முகம் சுளிக்கும். செப்டம்பர் 11 புதன்கிழமை, காலை பதினொரு மணி என்று முடிவு செய்தேன். அது டெலிவரிக்குப் போன வண்டிகள் திரும்பி வந்து அவன் கல்லாவில் தனியாக உட்கார்ந்திருக்கும் நேரம்.

போனில் பேசினால் என்ன என்று கேட்கலாம். போனில் கேட்டால் அந்த நொடியே ஒரு பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அவனுக்கு வந்துவிடும். கையில் காசு இல்லாதவன் அந்த நொடியில் சொல்வது "அடுத்த வாரம் மாப்ள" என்பதாகத்தான் இருக்கும். அது பொய்யாகிப் போனால் அடுத்த போனை எடுக்க மாட்டான். எழுதி அனுப்பினால் அவன் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டியதில்லை, அவனும் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. யோசித்துப் பதில் சொல்லலாம்.

முதல் வரைவில் "அக்டோபர் 31-க்குள்" என்று எழுதியிருந்தேன். மனைவி வாங்கிப் படித்தாள். "அன்னிக்கு தீபாவளிங்க" என்றாள். அவள் இன்னொன்றும் சொன்னாள்: "ரெண்டு வருஷமாச்சுன்னு எதுக்கு எழுதுறீங்க? அவருக்குத் தேதி தெரியாதா?" தேதி இருக்கட்டும், வருஷத்தை எண்ணிக் காட்ட வேண்டாம் என்று அந்த வரியை எடுத்தேன். வண்டி வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை வைத்திருந்தேன், குத்தலாக. அதையும் எடுத்தேன். கடைசியில் போனது இது:

"மாப்ள, தங்கச்சி மகளுக்கு நவம்பர் 24 காதுகுத்து வச்சிருக்கு. தாய்மாமன் சீர் நான் செய்யணும். 2022 செப்டம்பர்ல உன்கிட்ட குடுத்த 60,000-ஐத்தான் அதுக்கு நம்பியிருக்கேன். நவம்பர் 10-க்குள்ள 30,000, மீதி 30,000 தையில கிடைச்சா எனக்குச் சரியா இருக்கும். இது தோதுப்படலைன்னா உனக்கு எது தோதுன்னு சொல்லு, அதுக்குத் தக்கன நான் வேற ஏற்பாடு பாத்துக்குறேன். அப்பா காரியத்துக்கு நீ போட்ட சேர், சாமியானா வாடகை நான் இன்னும் குடுக்கல, அதையும் இதுல கழிச்சுக்க. போன்ல கேக்க வாய் வரல, அதான் எழுதுறேன். விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்க நானும் அவளும் வீட்டுக்கு வருவோம்."

இதில் எனக்கு இன்றைக்கும் சரி என்று படுவது நாலு இடங்கள்.

காரணம் உண்மையானது, அவனுக்குத் தெரிந்த குடும்பத்தில் நடப்பது. இல்லாத ஆஸ்பத்திரிச் செலவைச் சொல்லிக் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நண்பன் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றால் என்ன செய்வது? எந்தக் காரணமும் இல்லாமல் "என் காசு, எனக்கு வேணும்" என்று கேட்கவும் உரிமை இருக்கிறது. ஆனால் தேதியோடு ஒரு செலவு இருந்தால், கேட்கிறவன் அவனை நம்பாமல் கேட்கவில்லை, செலவு வந்ததால் கேட்கிறான் என்று ஆகிவிடுகிறது.

தொகையையும் தேதியையும் எண்ணில் எழுதியது இரண்டாவது. முழுசையும் கேட்காமல் பாதியாகப் பிரித்தது மூன்றாவது. அறுபதாயிரம் ஒரே தடவை என்றால் அவன் பேச்சையே தவிர்த்திருப்பான். பாதி என்றதும் பேரம் பேச ஒரு இடம் கிடைக்கிறது. அதே காரணத்துக்காகத்தான் "தோதுப்படலைன்னா சொல்லு" என்றேன். முன்னால் எழுதிய "மெதுவா குடு" வேறு, இது வேறு. இதில் அவன் ஒரு பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் அந்தப் பதில் எதுவாகவும் இருக்கலாம்.

நாலாவது, கடைசி வரி. பத்திரிகை வைக்க வருவோம் என்று சொன்னதும், காசு வந்தாலும் வராவிட்டாலும் நவம்பரில் நாம் அவன் வீட்டு நடையில் உட்கார்ந்து காபி குடிப்போம் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. "இதனால நம்ம நட்பு பாதிக்கக் கூடாது" என்று ஒரு வரி எழுதி அழித்திருந்தேன். அதை எழுதினால்தான் பாதிக்கும் போலிருந்தது.

தப்பான இடம் ஒன்று. அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அனுப்பிய பத்து நிமிஷத்தில் இரண்டு நீல டிக். பதில் இல்லை. மத்தியானம் இல்லை, ராத்திரி இல்லை. மறுநாள் ஸ்டேட்டஸில் ஒரு வளைகாப்பு மேடை போட்டிருந்தான். எனக்குக் கை பரபரத்தது. "பாத்தியா மாப்ள?" என்று தட்டி அழித்தேன். ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பலாமா என்று யோசித்தேன். அதைவிடக் கேவலமான மெசேஜ் கிடையாது. ஒரு வாரம் வரைக்கும் எதுவும் அனுப்புவதில்லை, பதில் இல்லாவிட்டால் நேரில் போவது என்று முடிவு செய்து, அவனுடைய சாட்டை ஆர்க்கைவில் தூக்கிப் போட்டேன். கண்ணில் படாமல் இருந்தால் கை சும்மா இருக்கும்.

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. இரண்டு நிமிஷம் இருபது விநாடி. பின்னால் பாத்திரம் அடுக்கும் சத்தம். ஆரம்பமே காசைப் பற்றி இல்லை.

"டேய், சேர் கணக்கு எதுக்குடா எழுதுற? உங்கப்பா எனக்கு யாரு? பத்தாவதுல ஃபெயிலாகி எங்கப்பா அடிக்க வந்தப்ப ராத்திரி உங்க வீட்லதான்டா படுத்திருந்தேன். அதுக்கு வாடகை கழிக்கச் சொல்றியா?"

அதுதான் நான் சொன்ன தப்பு. நியாயமாக இருக்க வேண்டும் என்று எழுதிய வரி அவனுக்கு, அப்பா சாவுக்குச் செய்ததை விலை பேசியது போல ஆகிவிட்டது. அந்தக் கணக்கைத் தெளிவாக்க வேண்டியது அவசியம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதைக் கடன் கேட்கும் மெசேஜில் சேர்த்திருக்கக் கூடாது. காரியம் முடிந்த வாரமே ஒரு கவரில் போட்டு அவன் மனைவியிடம் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் கோபமாகத் திருப்பித் தந்திருப்பார்கள். எப்படி ஆனாலும் அன்றே முடிந்திருக்கும். இப்போது செய்வதாக இருந்தால் அந்த வரியை எழுத மாட்டேன். அவனாகச் சொன்னால் மறுபேச்சில்லாமல் கழித்துக்கொள்வேன்.

அடுத்து அந்த ரெக்வஸ்ட். அவன் போன் கடையில் கல்லா மேஜையில் கிடக்குமாம், புக்கிங் வந்தால் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். அன்று எடுத்தது அவன் மச்சினன். "மாமா, உங்க பிரண்டு ரெண்டாயிரம் கேட்டு விட்டிருக்காரு, குடுக்கணுமா?" என்று நாலு பேர் முன்னால் சத்தமாகக் கேட்டிருக்கிறான். சேர் வாங்கியது சொந்தக் காசு என்று மாமனார் வீட்டில் சொல்லி வைத்திருந்தானாம். "நீ என்னைய நேர்ல வந்து சட்டையப் பிடிச்சிருந்தாக்கூட அவ்வளவு அசிங்கமா இருந்திருக்காது மாப்ள."

லோடு வண்டி மொத்தமும் ஃபைனான்ஸ். மாதம் பதினோராயிரத்துச் சொச்சம் டியூ. வண்டி வாடகை மிச்சமாகும் என்று நம்பி எடுத்தது, இன்னும் மிச்சமாகவில்லை. கடைசி இருபது விநாடியில்தான் காசு வந்தது: "நவம்பர்ல முப்பது என்னால முடியாது. பொய் சொல்ல மாட்டேன். மாசம் அஞ்சு தர்றேன். மறக்கல மாப்ள. உன்னைப் பாக்குறப்பல்லாம் அதான் ஞாபகம் வருது, அதான் பாக்கவே வரல."

இரண்டு தடவை கேட்டேன். அன்றைக்கே பதில் எழுதினேன். அவன் மனசு இளகியிருக்கும்போது அதில் தடவிக்கொடுத்துவிட்டு விவரத்தை விட்டுவிடக் கூடாது, மறுபடியும் "அந்த அமௌண்ட்" ஆகிவிடும்.

"சேர் எழுதினது என் தப்பு மாப்ள. ரெக்வஸ்டும்தான். மாசம் 5,000 எனக்குச் சம்மதம். அக்டோபர்ல இருந்து, 10-ந் தேதிக்குள்ள. 60,000 முடிய 12 மாசம். சரியா?"

"சரி" என்று வந்தது. இந்த ஒரு வார்த்தைக்கு நண்பர்களுக்குள் இருப்பதைவிட அதிக மதிப்பு உண்டு. 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, தேதி பேசாமல் கொடுத்த கைக்கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான், அதுவும் கொடுத்த நாளிலிருந்து. எங்கள் கணக்கில் அது 2025 செப்டம்பரோடு தீர்ந்துவிட வேண்டியது. அதற்குள் வாங்கியவர் கடன் உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதற்கு அவர் கைப்பட எழுதிய சான்று இருந்தாலோ அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓடும். வாட்ஸப்பில் "சரி" என்பதைக் கையெழுத்துக்குச் சமமாக எடுப்பதா என்பது வழக்கையும் நீதிமன்றத்தையும் பொறுத்தது, அதனால் பெரிய தொகை என்றால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, ஒரு புரோநோட்டு புதிதாக எழுதி வாங்குவதுதான் வழி. நான் வாங்கவில்லை. அவன் மேல் வழக்குப் போடும் எண்ணம் எனக்கு எந்த நாளும் இருந்ததில்லை. ஆனால் சாட்டை அழிக்காமல் வைத்திருக்கிறேன். மெசேஜ் தானாக மறையும் வசதியை அவன் எதற்கோ போட்டு வைத்திருந்தான், அதை நிறுத்தச் சொன்னேன். "கேஸ் போடப் போறியா?" என்று சிரித்தான். "கணக்குப் பாக்கத்தான்" என்றேன். இரண்டு பேருக்கும் அது பாதி உண்மை.

சீருக்கு ஆன கதையையும் சொல்லிவிடுகிறேன். மெசேஜ் நல்ல மெசேஜ்தான், ஆனால் எதற்காக அனுப்பினேனோ அதற்குக் காசு வரவில்லை. நவம்பர் 24-க்குள் கைக்கு வந்தது பத்தாயிரம். மனைவியின் செயினைக் கூட்டுறவு வங்கியில் வைத்து மீதியைப் புரட்டினேன். இது அவளுக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் சொல்லிக்காட்டுகிறாள். வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினால், அப்படி ஒரு ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். விசேஷத்துக்கு முன்னால் இரண்டு மாதம் இருந்ததால்தான் என்னால் சமாளிக்க முடிந்தது. பத்து நாள் இருக்கும்போது கேட்டிருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும்.

காதுகுத்துக்கு அவன் குடும்பத்தோடு வந்தான். மொய் 501 எழுதினான். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். வேறு கடைச் சேர். "கால் ஆடுது பாரு, மட்டமான சரக்கு" என்றான்.

தவணை ஓடத் தொடங்கியதும் மெசேஜ் எழுதுவது சுலபமாகிவிட்டது. ஒவ்வொரு ஐயாயிரம் வந்ததும் "வந்துச்சு மாப்ள. மீதி 55" என்று மட்டும் போடுவேன். அடுத்த மாதம் "மீதி 50". நன்றியெல்லாம் சொல்வதில்லை, அவனுக்கும் அது உறுத்தும். மீதியை எழுதினால் இரண்டு பேர் தலையிலும் ஒரே எண் இருக்கும். டிசம்பர் எட்டாம் தேதி அவனே எழுதினான்: "மார்கழி வருது மாப்ள, கை காய்ஞ்சிருச்சு. தையில சேத்து 10." தையில் பத்து வந்தது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் நான் கேட்பதில்லை. பங்குனியில் ஒரு தடவை சொல்லாமல் தவறினான். மூன்று நாள் பொறுத்து, "மாப்ள, இந்த மாசம் 5 வரல. 20-க்குள்ள முடியுமா?" என்று எழுதினேன். இரண்டே வரி, காரணம் கேட்கவில்லை. பத்தொன்பதாம் தேதி வந்தது. ஆடியில் கேட்கவே இல்லை. எனக்கு இப்போது அந்த மாதங்கள் மனப்பாடம். முகூர்த்த நாட்களை அவனைவிட நான்தான் கவனமாகப் பார்க்கிறேன் என்று மனைவி கிண்டல் செய்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு மறுபடியும் வருகிறான். முன்பு போலவா என்றால், இல்லை. டீக் காசை யார் கொடுப்பது என்பதில் இரண்டு பேருமே கொஞ்சம் அவசரப்படுகிறோம். முன்பு அப்படி இருந்ததில்லை.

இன்னும் ஐயாயிரம் பாக்கி. போன வாரம் பத்தாம் தேதி வந்து போனது, அவனும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வரியைத் தட்டி வைத்தேன். பிறகு காலண்டரைப் பார்த்தேன். புரட்டாசி இன்னும் முடியவில்லை. அனுப்பாமல் வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்து முதல் முகூர்த்தம் முடியட்டும்.